தெருவில் காணாமல் போன உகரம்

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு டெலிவரி செயலி வழியாக வரும் ஆர்டர்களை எங்கள் கடைப் பையனே கொண்டுபோய்க் கொடுக்கிறான். நாலைந்து மாதமாக வாடிக்கையாளர் முகவரி பாதியில் வெட்டுப்பட்டு வருகிறது. ஒன்று "எண் 7, 2வது குறுக்குத் தெர" என்று வந்தது. அதே தெருவில் 17ஆம் எண் வீட்டுக்கு "எண் 17, 2வது குறுக்குத் தெ�" என்று, கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியோடு வந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் முகவரி முழுதாக வருகிறது. உதவி மையத்தில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்கிறார்கள். நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் பலன் இருக்குமா? எப்படி எழுதுவது?

பலன் இருக்கும், ஆனால் அந்தக் கடிதம் உதவி மையத்தைத் தாண்டி, நிரல் எழுதுகிறவர் ஒருவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். "முகவரி பாதிதான் வருகிறது" என்று மட்டும் எழுதினால் அது முதல் படியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் அதற்கென்று அவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதைத்தான் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் வெட்டுகிறது, எந்த அளவில் வெட்டுகிறது என்று நீங்களே எண்ணிக் காட்டினால் அந்தத் தயார் பதில் பொருந்தாமல் போய்விடும். எண்ணுவதற்குத் தேவையானவை எல்லாம் உங்கள் கேள்வியிலேயே இருக்கின்றன. 7ஆம் எண் வீட்டையும் 17ஆம் எண் வீட்டையும் சேர்த்துச் சொன்னீர்களே, அதில் பாதி வேலை முடிந்துவிட்டது.

நான் புதுச்சேரியில் பதினெட்டு வருடமாகக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவன். நீங்கள் சொல்லும் நிறுவனத்தின் உள்ளே நான் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் கீழே சொல்வதில் உறுதியானது எது, ஊகம் எது என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியானது. கணினி தமிழ் எழுத்தை நாம் எண்ணுவதுபோல் எண்ணுவதில்லை. "தெரு" என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது நான்கு துண்டு: த, அதன் பின் ஒற்றைக்கொம்பு, ர, அதன் பின் உகரக் குறி. திரையில் ஒற்றைக்கொம்பு தகரத்துக்கு இடப்பக்கம் நின்றாலும் சேமிப்பில் அது தகரத்துக்குப் பிறகுதான் வரும். இன்று எங்கும் பயன்படும் யுடிஎஃப்-8 என்ற முறையில் இந்த ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ஆங்கில எழுத்து, இலக்கம், காற்புள்ளி, வார்த்தைகளுக்கு நடுவே விடும் வெற்றிடம் ஆகியவற்றுக்கு ஆளுக்கு ஒரு பைட் போதும். ஆகவே "தெரு" பன்னிரண்டு பைட், street என்பது ஆறே பைட்.

இப்போது 7ஆம் எண் வீட்டுக்கு வருவோம். "எண்" என்பதில் எ, ண, புள்ளி என்று மூன்று துண்டு, ஒன்பது பைட். பிறகு ஒரு வெற்றிடம், 7, காற்புள்ளி, இன்னொரு வெற்றிடம், 2. இந்த ஐந்தும் ஐந்து பைட். ஆக 14. "வது" மூன்று துண்டு, ஒன்பது பைட், 23. ஒரு வெற்றிடம், 24. "குறுக்குத்" என்பதில் ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் இரண்டு துண்டு, ஆக முப்பது பைட், 54. மறுபடி வெற்றிடம், 55. "தெ" ஆறு பைட், 61. "ர" மூன்று பைட், 64. அங்கே நின்றுவிட்டது. அடுத்து வர வேண்டிய உகரக் குறிக்கு இடமில்லை. 64 என்பது நிரல் எழுதுகிறவர்கள் முகவரி போன்றதை வாங்கி வைக்கும் ஒரு கட்டத்துக்கு அளவு வைக்கும்போது கைப்பழக்கத்தில் போடும் எண்களில் ஒன்று. 64, 128, 255 மூன்றையும் எங்கும் பார்க்கலாம்.

17ஆம் எண் வீட்டில் ஓர் இலக்கம் கூடுகிறது. எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போகிறது. "தெ" முடியும்போது 62. மிச்சம் இருப்பது இரண்டு பைட், ஆனால் ரகரத்துக்கு மூன்று வேண்டும். அந்த நிரல் தயங்காமல் ரகரத்தின் முதல் இரண்டு பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை வெட்டிவிட்டது. உங்கள் திரைக்கு அது வந்தபோது, எந்த எழுத்தும் ஆகாத அந்த இரண்டு பைட்டைப் பார்த்து, "இங்கே ஏதோ உடைந்திருக்கிறது" என்பதற்கான பொதுக்குறியைப் போட்டிருக்கிறது. அந்தக் கறுப்புக் கட்டத்துக் கேள்விக்குறி வேறொன்றுமில்லை, பாதி ரகரம். ஒரே தெரு, ஒரே அளவு; வீட்டு எண்ணில் ஓர் இலக்கம் கூடியதற்கு வெட்டு இப்படி நகர்கிறது என்றால், எழுத்துக் கணக்கில் வெட்டவில்லை, பைட் கணக்கில்தான் வெட்டுகிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம்.

ஆங்கில முகவரி ஏன் தப்பிக்கிறது என்பதற்கும் இதுதான் விடை. அதே வீட்டை ஒருவர் ஆங்கிலத்தில் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

```
No 7, 2nd Cross Street, Thirupathiripuliyur, Cuddalore 607002
```

இது மொத்தம் 61 பைட். அஞ்சல் குறியீடு வரை 64க்குள் அடங்கிவிடுகிறது. தமிழிலோ "திருப்பாதிரிப்புலியூர்" என்ற ஊர்ப் பெயர் மட்டுமே பதினோரு எழுத்து, இருபத்திரண்டு துண்டு, 66 பைட். வீட்டு எண்ணும் தெருவும் இல்லாமல் ஊரை மட்டும் எழுதினாலும் கடைசி ரகரத்தின் புள்ளி வெளியே விழுந்துவிடும். பேச்சு வழக்கில் "திருப்பாப்புலியூர்" என்று சுருக்கிச் சொல்கிறோமே, அது 54 பைட். ஊர்க்காரர்களின் நாக்குக்குத்தான் அந்த நிரலாளரைவிடக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் புதுச்சேரியில் ஒரு மருந்துக் கடைக்கு முகவரிச் சீட்டு அச்சடிக்கும் நிரல் எழுதிக் கொடுத்தேன். முகவரிக் கட்டத்துக்கு நான் வைத்த அளவு குறைவு. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் முத்தியால்பேட்டைக்குப் போக வேண்டிய மருந்துப் பொட்டலம் முதலியார்பேட்டைக்குப் போய்விட்டது. ஒன்று நகரத்துக்கு வடக்கே, மற்றது தெற்கே கடலூர் சாலையில். சீட்டை வாங்கிப் பார்த்தால் தெருவுக்குப் பின் "முத" என்று மட்டும் இருந்தது. தகரத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி விழுந்துவிட்டது. புள்ளி இருந்திருந்தால் கொண்டுபோன பையன் "முத்" என்று படித்து முத்தியால்பேட்டை என்று கண்டுபிடித்திருப்பான். புள்ளி இல்லாத "முத" அந்தப் பையனுக்கு முதலியார்பேட்டையாகத்தான் தெரிந்தது. அவனைத் திட்டிய கடைக்காரரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. தமிழில் வெட்டுப்படுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஆங்கிலத்தில் அறுந்த சொல் அறுந்ததாகத் தெரியும். தமிழில் புள்ளியோ உகரமோ விழுந்தபின் மிஞ்சுவதும் ஒழுங்கான எழுத்தாகவே நிற்கும், படிப்பவர் அதை முழுச் சொல்லின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் 64க்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஆனாலும் முகவரிக்கு முன்னால் வேறு ஏதாவது, எடுத்துக்காட்டாக ஆர்டர் எண், அதே கட்டத்தில் சேர்த்து வைக்கப்பட்டு, உங்களுக்குக் காட்டும்போது அது மட்டும் நீக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் உண்மையான அளவு வேறாக இருக்கும். கடிதத்தில் "64" என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்த அளவு என்று எழுதுங்கள், அவர்களுடைய கட்டத்தின் அளவு என்று எழுதாதீர்கள். ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னீர்கள் என்பதையே காரணம் காட்டி புகாரை மூடிவிடும் ஆட்கள் உண்டு.

வேறு காரணங்களையும் ஒவ்வொன்றாக விலக்கிவிடலாம். டெலிவரி ஆள் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தால் வாடிக்கையாளரின் முழு முகவரியைக் கடைக்குக் காட்டாமல் வேண்டுமென்றே மறைப்பதுண்டு. அப்படி மறைக்கும்போது பகுதியின் பெயரை மட்டும் காட்டுவார்கள், அல்லது நட்சத்திரக் குறி போடுவார்கள். ரகரத்தைப் பாதியாக உடைத்து யாரும் மறைப்பதில்லை. உங்கள் பையனே கொண்டுபோகிறான் என்பதால் மறைக்கக் காரணமும் இல்லை. அடுத்தது திரை. இடம் போதாமல் திரை சுருக்கினால் கடைசியில் மூன்று புள்ளி வரும், தொட்டால் மிச்சம் விரியும். ஃபோனைப் படுக்கையாகத் திருப்பினால் வெட்டும் இடம் மாறும். குறுஞ்செய்தியில் வந்தால் வேறு கதை. நம் நாட்டில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி வார்ப்புகளில் மாறும் பகுதி ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்துக்குறி என்ற வரம்பு நெடுங்காலமாக இருந்துவந்தது, அதற்காக முகவரியை 30இல் வெட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வெட்டு ஆங்கிலத்தையும் விட்டுவைக்காது. பில் அச்சிடும் சின்ன இயந்திரத்தில் 58 மில்லிமீட்டர் தாளில் ஒரு வரிக்கு வழக்கமாக 32 எழுத்துதான் பிடிக்கும். அங்கே வெட்டுப்பட்டால் தாளில் மட்டும்தான் குறையும், திரையில் முழுதாக இருக்கும். இந்த நான்கில் எதுவும் உங்கள் அடையாளங்களுக்குப் பொருந்தவில்லை.

கடிதத்துக்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வாடிக்கையாளர் முகவரிகளை வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட, முகவரி இடத்தில் ஓர் அளவுகோலையே வைத்து அனுப்பிப் பார்ப்பது நல்லது. தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரிடம் சொல்லி, அவருடைய செயலியில் வீட்டு எண், தெரு என்று தட்டச்சு செய்யும் கட்டத்தில் இதைப் பத்து முறை ஒட்டச் சொல்லுங்கள், நடுவில் வெற்றிடம் விடாமல்:

```
1234567890
```

ஒரு தீப்பெட்டிக் கட்டோ உப்புப் பொட்டலமோ ஆர்டர் செய்தால் போதும். பிறகு இன்னோர் ஆர்டரில் அதே கட்டத்தில் இதைப் பத்து முறை:

```
அஆஇஈஉஊஎஏஐஒ
```

உயிரெழுத்தை ஏன் எடுத்தேன் என்றால், அதற்குக் கொம்பும் காலும் புள்ளியும் கிடையாது. ஓர் எழுத்து ஒரே துண்டு, மூன்று பைட். அளவு 64 பைட் என்றால் முதல் ஆர்டர் ஆறு சுற்று முடிந்து ஏழாவது சுற்றின் 4இல் நிற்கும். இரண்டாவது ஆர்டர் இரண்டே சுற்று முடிந்து மூன்றாவது சுற்றின் அகரத்தோடு நின்று, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும். ஏனென்றால் இருபத்தொரு எழுத்துக்கு 63 பைட், மிச்சம் ஒன்று அனாதை. இதுவே எழுத்துத் துண்டுகளை எண்ணி வெட்டும் நிரலாக இருந்தால் தமிழும் ஆறு சுற்று ஓடி ஈகாரத்தில் நிற்கும். இரண்டில் எது வந்தாலும் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடையிலேயே நீங்கள் ஆர்டர் போடுவதைச் சில ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன, அதனால்தான் வேறொருவரைக் கேட்கச் சொல்கிறேன். சோதனை ஆர்டர்களை ரத்து செய்யாமல் காசு வாங்கி முடித்துவிடுங்கள். ரத்து கூடினால் கடையின் மதிப்பெண் அடிபடும்.

அதே வாடிக்கையாளரின் ஃபோனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவருடைய சேமித்த முகவரிப் பட்டியலில் அது முழுதாக இருக்கிறதா? முடிந்த ஆர்டரைத் திறந்தால் அங்கே முழுதாக இருக்கிறதா? இரண்டிலும் முழுதாக இருந்து உங்கள் திரையில் மட்டும் குறைந்தால், மூலம் பத்திரமாக இருக்கிறது, கடைக்கு அனுப்பும் வழியில்தான் வெட்டுகிறது. சரிசெய்த பின் பழைய ஆர்டர்களின் முகவரியும் முழுதாகத் திரும்ப வரலாம். பட்டியலில் முழுதாகவும் ஆர்டரில் அரைகுறையாகவும் இருந்தால், ஆர்டரைப் பதிவு செய்யும்போதே வெட்டியாகிவிட்டது. அந்த ஆர்டரின் மிச்சம் அங்கே இல்லை. பட்டியலிலேயே அரைகுறை என்றால் வாடிக்கையாளர்தான் மறுபடி எழுதித் தர வேண்டியிருக்கும். இந்த மூன்றில் எது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதினால், திறந்து பார்க்கும் நிரலாளருக்கு ஒரு நாள் தேடல் மிச்சம்.

இனி கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். நட்டக் கணக்கையும் மன வருத்தத்தையும் முதலில் வைக்காதீர்கள், அது படிப்பவரை மன்னிப்புக் கேட்கத்தான் தூண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு. இக்கடிதத்தைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பக் கோருகிறேன். பொருள்: தமிழில் எழுதிய வாடிக்கையாளர் முகவரி, கடைக்கான திரையில் எழுத்தின் நடுவே வெட்டுப்படுவது. கடை அடையாள எண்: ______.

ஐயா / அம்மையீர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை நடத்துகிறேன். தங்கள் செயலி வழியாக வரும் ஆர்டர்களை எங்கள் ஆளே கொண்டுபோய்க் கொடுக்கிறார், ஆகவே முழு முகவரி எங்களுக்குத் தேவை. ______ தேதி முதல் தமிழ் முகவரிகள் அரைகுறையாக வருகின்றன. ஆங்கில முகவரிகள் முழுதாக வருகின்றன. செயலியை நீக்கி மறுபடி நிறுவியும், இரண்டு வேறு ஃபோன்களிலும் பார்த்துவிட்டோம். வெட்டும் இடம் மாறவில்லை.

வாடிக்கையாளரின் சம்மதத்தோடு இரண்டு சோதனை ஆர்டர்கள் அனுப்பினோம். ஆங்கில இலக்கங்கள் 100 எழுதியதில் ______ வந்தன. தமிழ் உயிரெழுத்து 100 எழுதியதில் ______ வந்தன, அதன் பின் � குறி வந்தது. தமிழ் அளவு ஆங்கில அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எனவே முகவரி யுடிஎஃப்-8 பைட் கணக்கில், நாங்கள் எண்ணியவரை 64 பைட்டில், வெட்டப்படுகிறது என்று கருதுகிறோம். சோதனை ஆர்டர் எண்கள்: ______, ______. வாடிக்கையாளரின் செயலியில் சேமித்த முகவரி முழுதாக இருக்கிறது / இல்லை. முடிந்த ஆர்டரில் முழுதாக இருக்கிறது / இல்லை.

மூன்று வேண்டுகோள். முகவரிக் கட்டத்தின் அளவைத் தமிழ் முகவரி முழுதாக அடங்கும்படி கூட்டுங்கள். ஏதோ ஓர் இடத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள். அதுவரை, அளவை மீறி எழுதும் வாடிக்கையாளருக்கு எழுதும்போதே அறிவிப்புக் காட்டுங்கள், சத்தமில்லாமல் வெட்டாதீர்கள். இப்புகாருக்கு ஒரு பதிவு எண்ணும், யார் பார்க்கிறார் என்ற விவரமும் தரக் கோருகிறேன்."

கையெழுத்துக்குக் கீழே, தொழில்நுட்பப் பிரிவுக்கு என்று குறிப்பிட்டு இந்த ஒரு வரியைச் சேருங்கள். உங்களுக்கு இது புரிய வேண்டியதில்லை. பைத்தான் தெரிந்தவர் ஓட்டிப் பார்த்தால் உங்கள் திரையில் வந்த அதே உடைந்த முகவரி அவர் திரையிலும் வந்து நிற்கும்:

```
print("எண் 17, 2வது குறுக்குத் தெரு".encode()[:64].decode(errors="replace"))
```

முன்பு ஒரு கடைக்கு இதுபோல் எழுதிக் கொடுத்தபோது அதுவரை மூன்று முறை மூடப்பட்ட புகார் நான்காம் முறை மூடப்படவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் தன் மேசையிலேயே தவறு நிகழ்ந்து காட்டும்போது, "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று எழுதுவது எந்த நிரலாளருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

உடைந்த முகவரியைப் படமாகவும் அனுப்புங்கள், எழுத்தாகவும் ஒட்டுங்கள். படம் நீங்கள் கண்டதற்குச் சாட்சி, ஒட்டிய எழுத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் உண்மை வாடிக்கையாளர்களின் பெயர், ஃபோன் எண், வீட்டு எண் இருக்கும் படங்களை அப்படியே மின்னஞ்சலில் வைக்காதீர்கள், பொதுவெளியில் நிச்சயமாகப் போடாதீர்கள். மறைத்தால் சான்று கெடும், மறைக்காவிட்டால் அவர்களுக்குச் சங்கடம். அளவுகோல் ஆர்டரை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் யாருடைய வீடும் இல்லை. உண்மை ஆர்டர்களுக்கு ஆர்டர் எண் மட்டும் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

சட்டம் உதவுமா என்றால், பாதி உதவும். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி இத்தகைய நிறுவனம் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் காட்ட வேண்டும். நுகர்வோர் புகாருக்கு அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கவனியுங்கள், நுகர்வோர் புகாருக்கு. நீங்கள் விற்பனையாளர், உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கெடு உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ஆகவே கடிதத்தில் இந்த விதியைக் காட்டி மிரட்ட வேண்டாம். ஆனால் பொருள் கிடைக்காமல் போன வாடிக்கையாளர் ஒருவர் தாமாகவே அந்த அலுவலருக்கு எழுதினால் அந்த 48 மணி நேரமும் ஒரு மாதமும் அவருக்குப் பொருந்தும். உங்கள் கடிதத்தின் நகலும் அதே அலுவலருக்குப் போகட்டும்.

பதில் வரும்வரை கடையை நடத்தியாக வேண்டுமே. வாடிக்கையாளர்களை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம், வேலை நடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, தமிழ்ப் பற்று மட்டும் காரணமல்ல. எல்லோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் புகாருக்கான சான்றே மறைந்துவிடும். "இப்போது பிரச்சினை இல்லையே" என்று மூடிவிடுவார்கள். அதைவிட, முகவரியில் "எண்", "வது" போன்றவற்றை விட்டுவிட்டு வீட்டு எண்ணை இலக்கமாகவும் தெருவைச் சுருக்கியும் எழுதச் சொல்லுங்கள். "7, 2 குறுக்கு, சாவடி" என்று எழுதினால் 46 பைட்தான் ஆகிறது. அடையாளம் எழுதுவதற்குத் தனிக் கட்டம் இருந்தால் பகுதியின் பெயரை அங்கே போடச் சொல்லலாம், ஆனால் அந்தக் கட்டத்தையும் உயிரெழுத்து அளவுகோலால் ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். வரைபடத்தில் குத்தும் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். பலர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஆர்டர் போடுகிறார்கள், புள்ளி அங்கேயே நிற்கும்.

கடைசியாக, "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரத்தில் 64ஐ இரட்டித்து 128 என்று மாற்றி வைப்பவர்கள் உண்டு. தெரு, ஊர், கடலூர், அஞ்சல் குறியீடு எல்லாம் சேர்த்துத் தமிழில் எழுதினால் 17ஆம் எண் வீட்டின் முகவரிக்கு 163 பைட் தேவை. ஆகவே அந்த வீட்டுக்காரரிடமே முழு முகவரியைத் தமிழில் எழுதி ஓர் ஆர்டர் போடச் சொல்லுங்கள். உங்கள் திரையில் தெரு முழுதாக வந்து, ஊர் "திருப்பாதிரிப்புலிய�" என்று நின்றால் அவர்கள் 128 தான் வைத்திருக்கிறார்கள். பழைய பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.